இடது கைக்கு உள்ள எழுத்து

இல்ல தாயி, தூக்கி உக்கார வைக்கதுக்கும் தொடச்சு விடுததுக்கும் ஆளு இருக்கு. பேச்சித்தாய்னு ஒருத்தி, காலையில ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் வந்து எல்லாம் பாத்துட்டுப் போயிருவா. ஒனக்கு அந்த வேலையே கெடையாது. அதுக்குத்தான் மொதல்லயே கேட்டு விட்டேன், டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிருக்காளா அந்தப் பிள்ளைன்னு. ஹையர்தானே? இங்கிலீஷா? ஆங், இங்கிலீஷ்தான் வேணும். தமிழ் டைப்பு எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாது.

உக்காரு, அந்த நாற்காலிய நீயே இழுத்துப் போட்டுக்க. பேட்டையிலருந்து வரணும்னா ஜங்ஷன்ல எறங்கி பஸ் மாறணும்லா, வேர்த்திருப்ப. அடுப்படியில சட்டியில மோர் இருக்கு, மோந்து குடி. பொறவா? சரி, பொறவு குடி. பேரு என்ன சொன்ன? ஞானசௌந்தரி. நல்ல பேரு. நான் ஞானம்னே கூப்பிடுதேன்.

என்ன சிரிக்க? தெரியும் எனக்கு. படுத்த படுக்கையா கெடக்க மனுசனுக்கு என்னத்துக்கு டைப்பிஸ்ட்டுன்னுதானே. மிஷின் எல்லாம் இங்கன கெடையாதும்மா. ஒரு காயிதம் நீ அடிக்க வேண்டாம். அடிக்கது அவுக. நீ வாசிச்சாப் போதும்.

இரு, புரியும்படியா சொல்லுதேன். ராத்திரி சரியாத் தூங்கல, முன்னுக்குப் பின்னா சொன்னாலும் சொல்லுவேன், நீ கேட்டுக்க.

எங்க வீட்டுல அவுக பேரு ஆவுடைநாயகம். பாளையங்கோட்டை கோர்ட்டுல டைப்பிஸ்ட்டு. கல்யாணமான நாள்லருந்தே இந்தக் கடகடன்னு சத்தந்தான். ஜட்ஜு தீர்ப்பு சொல்லச் சொல்ல சுருக்கெழுத்துக்காரரு எழுதிட்டு வருவாரு, அத வாங்கி அடிக்கது இவுக. எழுத்துக் கட்டையப் பாக்கவே மாட்டாவ. கூட ஒருத்தரோட பேசிக்கிட்டே அடிப்பாவ. வீட்டுக்கு வந்தா இடது கைய நீட்டுவாவ. சண்முகசுந்தரி, கொஞ்சம் எண்ணெய் தேச்சு விடுன்னு. எப்பயும் இடது கைதான் வலிக்கும். சோத்துக்கைய விட்டுட்டு இது ஏன் வலிக்குன்னு நானும் கேட்டதில்ல, அவுகளும் சொன்னதில்ல. பின்னாலதான் தெரிஞ்சுது.

முந்துன வருசத்துக்கு முந்துன வருசம், ஐப்பசி மாசம், கோர்ட்டுக்குப் போகச் சட்டைய மாட்டிக்கிட்டு இருக்கையில விழுந்துட்டாவ. வாயி கோணிட்டு. ஆஸ்பத்திரியில ஒரே கூட்டம், டாக்டர் நல்ல மனுசன்தான், நின்னு நிதானமாத்தான் சொன்னாரு. மூளைக்குக் கீழ தண்டு மாதிரி ஒண்ணு இருக்காம்லா, அங்கன ரத்தம் அடைச்சிட்டாம். வலது பக்கம் பூரா போயிட்டு. இடது கையத் தூக்க முடியாது, வெரலும் மணிக்கட்டும் மட்டும் அசையும். நாக்கும் தொண்டையும் கேக்காது. வாயத் தொறந்தா ஒரு மாதிரி ஊளைச் சத்தம் வரும், அவ்வளவுதான். முழுங்க முடியாதுன்னு மூக்குல குழாயச் சொருவிட்டாவ. புத்தி எப்பிடி இருக்குன்னு இப்ப சொல்ல முடியாதும்மான்னாரு. கண்ணு மட்டும் நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கும். என்ன பாக்கு, எதுக்குப் பாக்குன்னு ஒண்ணும் தெரியாது.

அப்ப இந்த இடது கை வெரலு ஆடிக்கிட்டே இருந்துச்சு. படுக்கை விரிப்பு மேல பைய பைய தட்டும். நிக்கும். திரும்பத் தட்டும். நான் நர்ஸம்மாட்ட கேட்டேன். நரம்புத் தளர்ச்சியா இருக்கும், சரியாயிரும்னா. நானும் அப்பிடித்தான் நெனைச்சேன். ஆடுத கையப் பாக்கச் சகிக்காம சமயத்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டும் இருந்திருக்கேன்.

அப்பத்தான் சிவசண்முகம் வந்தான். கோர்ட்டுல இவுக பக்கத்து மேசை. இவுகட்ட வேலை படிச்சவன் இல்ல, சேந்தாப்புல சேந்தவன், சண்டையும் போட்டுக்கிடுவாவ. ஆப்பிளக் கொண்டாந்து வச்சான். என்ன மதினி, அண்ணாச்சி எப்பிடி இருக்காவன்னான். நான் பழைய கதையச் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவன் காதுலயே வாங்கல. கையப் பாத்துக்கிட்டே இருக்கான். குனிஞ்சு பாத்தான். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. மதினி, அண்ணாச்சி டைப் அடிக்காவன்னான்.

எனக்கு ஒண்ணும் ஓடல. அவன் என் கண்ணு முன்னால காட்டுதான். மோதிர வெரல் மேல போச்சா, அது டபிள்யூ. சுண்டுவெரல் இருந்த எடத்துலயே அமுங்குது பாருங்க, அது ஏ. ஆள்காட்டி வெரல் மேல உள்பக்கமா சாயுது, டி. நடுவெரல் மேல, இ. திரும்ப ஆள்காட்டி நேர் மேல, ஆர். வாட்டர். மதினி, தண்ணி கேக்காவ. அதையேதான் திரும்பத் திரும்ப அடிக்காவ.

வாயில தண்ணி விடக்கூடாதுன்னு சொல்லிருந்தாவ, நெஞ்சுக்குள்ள போயிரும்னு. அத்தன நாளும் ஒரு சொட்டு விடல நான். நாக்கு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்திருக்கு. ஓடிப்போய் நர்ஸக் கூட்டியாந்து, பஞ்ச நனைச்சு ஒதட்டுல ஒத்தி ஒத்தி எடுத்தோம். அவுக கண்ண மூடிக்கிட்டாவ. வெரலு நின்னு போச்சு. சிவசண்முகம் வெளிய போய்ச் சொவத்தப் பாத்து நின்னு அழுதான். ஊருல இருக்க எந்த டைப்பிஸ்ட்டு வந்து நின்னுருந்தாலும் வாசிச்சிருப்பான் தாயி. நீ வந்திருந்தா நீயும் வாசிச்சிருப்ப. ஒனக்கும் அதே எடத்துலதானே டபிள்யூ?

ஆமா. அதத்தான் நானும் பொறவு நெனைச்சேன். எல்லாருக்கும் எப்பிடி ஒரே எடம்?

மறுநாளே இன்ஸ்டிடியூட்டுல சுவருல மாட்டிருப்பாவல்லா, அந்தக் கட்டைப் படம், அது ஒண்ணு வாங்கியாரச் சொன்னேன். பாத்தா கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு. க்யூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய். நான் பழைய எஸ்எஸ்எல்சிதான், ஆனாலும் ஏபிசிடி தெரியும்லா. எந்த மூதி இத இப்பிடி அடுக்கினான்னு சிவசண்முகத்தக் கேட்டேன். எனக்கு அத மனப்பாடம் பண்ணணும்லா, கோவம் வருது. அவன் அப்பத்தான் கதை கதையாச் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒக்காந்து, அவனுக்கும் ஏதாவது பேசணும் போல இருந்திருக்கும்.

அமெரிக்காவுல சோல்ஸ்னு ஒருத்தரு, பத்திரிகை அச்சுத் தொழிலு பாத்தவராம், அவருதான் கூட்டாளிகளச் சேத்துக்கிட்டு இந்த மிஷினப் பண்ணிருக்காரு. நூத்தி இருவது முப்பது வருசத்துக்கு முந்தி. மொதல்ல பண்ணயில நம்ம ஆர்மோனியக் கட்டை கணக்கா, ஏபிசிடி வரிசையாத்தான் வச்சிருக்காரு. ஆனா அந்த மிஷினு நீ படிச்ச மிஷின் மாதிரி இல்ல. எழுத்துக் கம்பி எல்லாம் காயிதத்துக்கு அடியில, கூடை மாதிரி வட்டமாத் தொங்குமாம். கட்டைய அமுக்குனா கம்பி கீழருந்து மேல போயி காயிதத்தோட அடியில அடிக்கும். அடிச்சிட்டுத் தன் கனத்துல தானா விழணும். அது விழுகதுக்குள்ள பக்கத்துக் கம்பி கெளம்பிச்சுன்னா ரெண்டும் முட்டி மாட்டிக்கிடும். மாட்டிக்கிட்டா அதே எழுத்தே அடிச்சிக்கிட்டு இருக்கும். அடிக்க ஆளுக்கு அது தெரியவும் செய்யாது, எழுத்து விழுகது உருளைக்கு அடியிலல்லா. நாலஞ்சு வரி போயி காயிதம் சுத்தி மேல வந்த பொறவுதான் கண்ணுல படுமாம். எம்புட்டு எரிச்சலு!

அதனால சேந்து சேந்து வருத எழுத்துக் கம்பிகள அந்த வட்டத்துல தள்ளித் தள்ளி வச்சிருக்காரு. ஒரு தரத்துல முடியல. ஆறு வருசம் கிட்ட மாத்தி மாத்தி வச்சிருக்காரு. தந்தியாபீஸ்ல ஒக்காந்து அடிக்கவங்கட்டயும் குடுத்து, அவங்க இது சரியில்ல அது சரியில்லன்னு சொல்ல, அதுக்கும் மாத்தி. பொறவு துப்பாக்கியும் தையல் மிஷினும் பண்ணுத கம்பெனி ஒண்ணு இத வாங்கி, விக்கதுக்கு முன்னால அவங்களும் கொஞ்சம் மாத்துனாவளாம். ஆர் இருக்க எடத்துல முந்தி முற்றுப்புள்ளி இருந்துச்சாம்.

எல்லாரும் சொல்லுவாவல்லா, வேகமா அடிக்கக் கூடாதுன்னுதான் வேணும்னே கோணலா வச்சாங்கன்னு? ஒங்க வாத்தியாரும் அப்பிடித்தான் சொன்னாரா? சிவசண்முகம் அத ஒத்துக்கிட மாட்டான். அப்ப வேகமா அடிக்க ஆளே கெடையாதே மதினி, பொறக்காத ஆள எப்பிடி மெதுவாக்குவான்பான். கம்பி முட்டாம இருந்தா வேகமாத்தான் அடிக்கலாம், அதுக்குத்தான் மாத்துனதும்பான். நான் விடல. அப்ப இ-யும் ஆரும் பக்கத்துல பக்கத்துல நிக்கே, அதுவுந்தானே சேந்து சேந்து வருதுன்னேன். தலையச் சொறிஞ்சான். கட்டையில பக்கம்னா வட்டத்துலயும் பக்கம்னு அர்த்தம் இல்லயாம். இருந்தாலும் எல்லாத்துக்கும் காரணம் சொல்ல முடியாது மதினி, வச்சவரு ஏன் வச்சேன்னு எழுதி வைக்காமலே செத்துப் போயிட்டாரு, நாம எல்லாம் பின்னாலருந்து ஊகிக்கதுதான்னான். டைப்ரைட்டர்ங்கற வார்த்தைய மேல் வரிசையிலயே அடிச்சிரலாம், விக்க வந்தவன் காட்டுததுக்காக அப்பிடி வச்சிருப்பான்னும் சொல்லுதாவளாம். உண்மையோ பொய்யோ.

ஒண்ணு நானே கண்டுபிடிச்சேன் ஞானம். அந்தப் படத்தப் பாத்துப் பாத்து. நடு வரிசையில டி-க்கு அப்புறம் எப், ஜி, எச், பொறவு ஜே, கே, எல். இதுல இ-யையும் ஐ-யையும் மட்டும் புடுங்கி மேல வச்சிட்டான், மத்தபடி ஏபிசிடி வரிசை அப்பிடியே கெடக்கு. வீடு இடிச்சுக் கட்டுனாலும் பழைய சொவரு ஒண்ணு நிக்கும்லா, அது மாதிரி. சிவசண்முகத்துட்ட சொன்னேன். இத்தன வருசம் அடிக்கேன், இதப் பாக்கல பாருங்கன்னான். அந்த ஆஸ்பத்திரியில நான் சிரிச்சது அன்னைக்கு ஒரு நாளுதான்.

அது சரி, அந்தப் பழைய கூடை மிஷினு போயி, கம்பி முன்னாலருந்து அடிக்க மிஷினு வந்தாச்சே, அடிக்கது கண்ணு முன்னால தெரியுதே, அப்பயாவது மாத்திருக்கலாம்லான்னு கேட்டேன். அதுக்குள்ள ஆளு பழகிருச்சுன்னான். ஒரு பந்தயம் வச்சாவளாம். ஒரு பக்கம் இந்தக் கட்டையில பத்து வெரலாலயும் பாக்காம அடிக்கப் பழகுன ஆளு. இன்னொரு பக்கம் வேற மாதிரிக் கட்டை வச்ச மிஷின்காரரு. பாக்காம அடிச்சவரு செயிச்சிட்டாரு. செயிச்சது ஆளோட பழக்கமா, கட்டையோட அடுக்கா? யாரு யோசிக்கா. பேப்பர்ல எல்லாம் வந்திட்டு, இந்தக் கட்டைக்குப் பேரு கூடிட்டு. பொறவு பெரிய கம்பெனி நாலஞ்சு சேந்து ஒண்ணாகி, எல்லாரும் இதே அடுக்குன்னு வச்சிட்டாவ. பள்ளிக்கூடத்துல எத சொல்லிக் குடுப்பான்? ஆபீஸ்ல எது இருக்கோ அத. ஆபீஸ்ல எத வாங்குவான்? ஆளுக்கு எது தெரியுமோ அத. திருச்செந்தூர் ரயிலு மாதிரின்னான் சிவசண்முகம். சின்னப் பாதைன்னு எல்லாருக்கும் தெரியும், ஜங்ஷன்ல எறங்கி மாறி ஏறுதோம்லா, பெருசாக்கணும்னா தண்டவாளம் பெட்டி எஞ்சின் எல்லாத்தையும்லா ஒரே நேரத்துல மாத்தணும்.

அந்த அடுக்கப் பண்ணயில பத்து வெரலு கணக்கெல்லாம் யாருக்கும் கெடையாது. ரெண்டு வெரலால குத்துனாவ. அதனால எந்தக் கைக்கு எவ்வளவு வேலைன்னு பாக்கவே இல்ல. இ, டி, ஏ, ஆர், எஸ், அடிக்கடி வருதது எல்லாம் இடது கைப்பக்கம் போய்ச் சேந்துட்டு. அதான் எண்ணெய் தேய்க்கச் சொன்னது இடது கைக்கு.

சரி, நம்ம விசயத்துக்கு வாரேன். இப்ப அவுக கை நகராது, வச்ச எடத்துலதான் இருக்கும். அஞ்சு வெரலுக்கு எட்டுத எழுத்து மட்டுந்தான் உண்டு. க்யூலருந்து டி வரைக்கும், ஏலருந்து ஜி வரைக்கும், இசட்லருந்து பி வரைக்கும். டீ-ன்னு கேக்கலாம், வாட்டர் கேக்கலாம். நோ சொல்ல முடியாது, பெயின்னு சொல்ல முடியாது. என் பேர அடிக்க முடியாது. மொத ரெண்டு நாளு தத்தளிச்சாவ. பொறவு அவுகளே ஒரு வழி பண்ணாவ. வலது கை எழுத்து வந்தா பெருவெரலால ஒரு தட்டு. அந்த எடம் காலின்னு அர்த்தம். நான் வாயால ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிப் பாப்பேன். சரின்னா கண்ண மூடுவாவ. இல்லன்னா பாத்துக்கிட்டே இருப்பாவ. வார்த்தை முடிஞ்சாலும் கண்ண மூடித் தொறப்பாவ. இத நீ மனசுல வச்சுக்க, இது எந்த இன்ஸ்டிடியூட்டுலயும் சொல்லித்தர மாட்டாவ.

முழுக்கக் கேட்டா கஷ்டமாத் தெரியும். பழகிரும். நீ கேட்டா அவுகளுக்கே எந்த எழுத்து எங்க இருக்குன்னு சொல்லத் தெரியாதும்மா. எழுத்துப் படத்தக் காட்டி, கண்ணால பதில் வாங்கிப் பாக்கச் சொன்னாரு டாக்டரு, ஏ-வா, பி-யா, சி-யான்னு. ஒரு வார்த்தைக்குள்ள அவுக சோந்து கண்ணு சொருவிரும். வெரலுன்னா தானாப் போகும்.

வீட்டுக்குக் கொண்டாந்த பொறவு ஒரு நாளு அவுக அக்கா வந்திருந்தா. நல்லவதான், மனசுல பட்டதச் சொல்லிருவா. இப்பிடியே எத்தன நாளைக்கு சுந்தரின்னு கேட்டா. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னே கேட்டா. அவ போன பொறவு நான் கட்டிலு காலுல சாஞ்சு அழுதுக்கிட்டு இருந்தேன். தட்டுதாவ. பாத்தேன். ஏ, இசட், ஏ, டி, இ. பெருவெரலே இல்ல. என்ன வார்த்தைடா இது? எம் மகன் சிவகணேஷ் படிச்ச டிக்ஷனரிய எடுத்துப் பெரட்டுதேன், அந்த எடத்துல ஏதோ பூ பேருதான் இருக்கு. அசாடேயா, அஸடேவான்னு வாய்விட்டு வாசிச்சுப் பாக்கேன். அவுக பாத்துக்கிட்டே இருக்காவ. திரும்ப அடிக்காவ, ஏ, இசட், ஏ, டி, இ. பொறவு சட்டுன்னு தட்டுப்பட்டுச்சு. இசட்டு ழ-வுக்கு, டி த-வுக்கு. அழாதே.

அதுவரைக்கும் அவுக தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிப்பாவன்னே எனக்குத் தோணல. எச்சுக்குப் பெருவெரல் தட்டக்கூட நேரமில்லாம அவசரமா அடிச்சிருக்காவ. நான் அழாம என்ன செய்வேன், இன்னும் கூடத்தான் அழுதேன்.

மகனா? சிவகணேஷ் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். போன வருசம் பொங்கலுக்கு ஒரு கம்ப்யூட்டர கார்ல வச்சுக் கொண்டாந்தான். பலகை போட்டு, இடது கைக்கு அடியில கட்டைய வச்சான். அடிச்சா பெட்டியில எழுத்து விழுது. அவுகளுக்குக் கண்ணு மின்னிச்சு. பெருவெரல் தட்டுனா அங்கன எடம் விடுது, எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். இவன் படிச்சவன்லா. அம்மா, இந்த அடுக்கே ஒரு பழைய தப்பும்மா, ஒலகமே விடமுடியாம பிடிச்சிக்கிட்டு இருக்குன்னான். அமெரிக்காவுல ஒரு ப்ரொபசர் அறுவது வருசத்துக்கு முந்தியே வேற அடுக்கு பண்ணி வச்சிருக்காரு, உயிரெழுத்து அஞ்சும் நடு வரிசையில இடது கைக்கு, அடிக்கடி வருத மத்த எழுத்தெல்லாம் வலது கைக்கு. வெரலு அலையவே வேண்டாம். கம்ப்யூட்டர்ல கம்பியா இருக்கு முட்டதுக்கு? ரெண்டு தட்டு தட்டுனா மாறிரும். அப்பாவுக்கு உயிரெழுத்து அஞ்சும் கைக்குள்ள இருக்கும், ஈசியா ஊகிச்சிரலாம்னான். அவன் மனசு நல்ல மனசு. கட்டையில துண்டு காயிதம் ஒட்டி, புது எழுத்தெல்லாம் எழுதி, அப்பாவுக்குக் காட்டிக் காட்டிச் சொல்லுதான்.

அவுக தண்ணி கேட்டாவ. வெரலு போன எடத்துக்குத்தானே போவும். பெட்டியில ஒரு கமா, ஒரு ஏ, ஒரு ஒய், ஒரு புள்ளி, ஒரு பி. அவ்வளவுதான் விழுந்துச்சு. அவுக பெட்டியப் பாக்காவ. திரும்ப அடிக்காவ, அழுத்தி அடிக்காவ. அதே கமா, ஏ, ஒய், புள்ளி, பி. மறுபடியும் பேச்சு போயிட்டுன்னு நெனைச்சிட்டாவளோ என்னவோ, மூஞ்சி வெளுத்துட்டு. இவன் பக்கத்துல நின்னு, பழகிருவீங்கப்பா, பழகணும்பாங்கான். அன்னைக்குக் கைய மடக்குனவுகதான். பொறவு துணி மேல கூட ஒண்ணும் அடிக்கல. நான் கெஞ்சுதேன், கண்ணக்கூடத் தொறக்க மாட்டேங்காவ.

எனக்கும் அவனுக்கும் சண்டை. அம்மா, ஒனக்குத் தெரியாதும்மாங்கான். சரிடா, தெரியாது. வா இங்கன ஒக்காருன்னு ஒரு காயிதத்த எடுத்து, ஒன் புது அடுக்குல இடது கைய மட்டும் வச்சு வாட்டர்னு எழுதுன்னேன். எழுதுதான். டபிள்யூ வலது கை, காலி. ஏ இருக்கு. டி காலி. இ இருக்கு. ஆர் காலி. இப்ப லேட்டர்னு எழுதுன்னேன். எல் காலி, ஏ, டி காலி, இ, ஆர் காலி. ரெண்டும் ஒண்ணு. எய்யா, தண்ணி வேணும்ங்கதும் பொறவு பாத்துக்கலாம்ங்கதும் ஒங்கப்பாவுக்கு ஒரே வார்த்தையாப் போச்சேன்னேன். ரெஸ்ட் எழுதச் சொன்னேன், டியர் எழுதச் சொன்னேன். பழைய அடுக்குல எல்லாம் முழுசா வருது, இதுல எல்லாம் ஓட்டை. ரெண்டு கையும் உள்ளவனுக்கு இது நல்ல அடுக்குதான், நான் இல்லங்கல. ஒத்தக்கைக்கு உயிரெழுத்த மட்டும் குடுத்தா பச்சப்பிள்ளை மாதிரி ஆ ஊங்கதுதான் மிச்சம்.

அவன் காயிதத்தக் கீழ வச்சான். போயி பழையபடி மாத்திட்டான், ஒட்டுன துண்டையெல்லாம் நகத்தால சொரண்டி எடுத்தான். அப்பா கையப் பிடிச்சு கட்டை மேல வச்சு, மாத்திட்டேம்பா, அடிச்சுப் பாருங்கன்னான். அவுக நெடுநேரம் கழிச்சுத்தான் அடிச்சாவ. ஏ, டி, இ. ஏட். சாப்பிட்டியான்னு கேக்காவ. அவன் காலையிலருந்து ஒண்ணும் திங்காம இருந்தது இவுகளுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு. எந்திரிச்சு அடுப்படிக்குப் போனான், தட்டு போட்டுக் குடுத்தேன், குனிஞ்ச தல நிமிராமத் தின்னான்.

இப்ப அந்தக் கம்ப்யூட்டரா? மழையில இடி விழுந்து பெட்டி போச்சு. அவன் வேற வாங்கித் தாரேங்கான். நான்தான் வேண்டாம்னுட்டேன். அவுக வெரலுக்குக் கட்டைய அமுக்க இப்ப வலு இல்ல தாயி. துணி மேலன்னா சும்மா தொட்டாப் போதும்.

இந்த ரெண்டு வருசமா நான் அந்தக் கையப் பாத்துக்கிட்டே இருக்கேன். சோறு பொங்கும்போதும் அடுப்பு அங்கன இருந்தா கண்ணு இங்கன இருக்கும். ராத்திரி லைட்ட அணைக்கதில்ல. முழிச்சுப் பாத்தா அவுக எத்தன நேரமா அடிச்சிக்கிட்டு இருக்காவளோ. எங்கயும் போகல. ஆத்துல முங்கிக் குளிச்சு எத்தன நாளாச்சு, கொக்கிரகுளம் இங்கன கூப்பிடு தூரம். சலிப்பு வராதான்னா வரும். நானும் மனுசிதானே. சமயத்துல ஏ பி சி டி கேட்டாலே வாந்தி வாரமாதிரி இருக்கும். ஆனா அவுக ஒரு நாளும் என்னத் தேவையில்லாமக் கூப்பிட்டதில்ல, அதையும் சொல்லணும்.

அதனால ஒனக்கு வேலை என்னன்னா, காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கட்டிலுப் பக்கத்துல ஒக்காந்து, அவுக அடிக்கத எழுத்து எழுத்தா வாய்விட்டுச் சொல்லணும். வார்த்தைய நான் கண்டுபிடிச்சுக்கிடுவேன், ஒனக்குத் தமிழ்ல அடிச்சா சிக்கலா இருக்கும். எழுத்து மட்டும் சொன்னாப் போதும். பெருவெரலுக்கு, காலின்னு சொல்லு. என்ன, சம்மதமா?

தலையாட்டுதியா? வாயால சொல்லு தாயி. எனக்குத் தெரியல.

சம்மதந்தானே? சரி.

அட, அதுக்கு ஏன் பதறுத. சுகருதான். ரொம்ப வருசமாவே உண்டு, இந்த ரெண்டு வருசம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல, மாத்திரையும் ஒழுங்கா இல்ல. கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு போயிட்டுங்காவ. வெளிச்சம் தெரியுது, ஆளு நிக்கது நெழலா இருக்கு. வெரலு தெரியல. என் கை மேல வச்சு அடிக்கச் சொல்லிப் பாக்கலாம்னு நெனைச்சேன், ஆனா எனக்கு வெரல் நுனி உள்ளங்கை எல்லாம் மரத்துப் போச்சு, அவுக தொடுதது பூ விழுந்தாப்புலயும் தெரியல. மகனுக்கு இன்னும் சொல்லல.

அவுகளுக்கா? நான் சொல்லல, அவுகளும் கேக்கல. ஆனா போன மாசம், வெரலு மங்கலாவாவது தெரிஞ்சப்பவே, ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு ரெண்டு தரம் அடிக்க ஆரம்பிச்சிட்டாவ. வெரல நல்லா தூக்கித் தூக்கி அடிக்காவ, அதுக்கே மூச்சு வாங்குது. அந்த மூச்சு எனக்குக் கேக்கும்லா.

வா, உள்ள போவோம். பைய வா, தூங்கிக்கிட்டு இருந்தாலும் இருப்பாவ.

இன்னா பாருங்க, யாரு வந்திருக்கான்னு. ஞானம், அந்த ஸ்டூல்ல ஒக்காரு. கிட்ட ஒக்காரு, கை தெரியுதா? அடிக்காவளா? பயப்படாத, நின்னு நிதானமாப் பாரு. ரெண்டு ரெண்டா வரும், ஒண்ணாச் சொல்லு.

டபிள்யூ.

ம், மேல சொல்லு. காலியா? இன்னொரு காலியா? கண்ண மூடிட்டாவளா?

எச்சு, ஓ. ஹூ, யாருன்னு கேக்காவ. ஒன் பேரச் சொல்லு தாயி, அவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும்.